நோயும் உண்டு, தகுதியும் உண்டு: கோர்ட்டுக்குப் போகும் மனநல ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

கேள்வி: என் அண்ணனுக்கு 12 வருஷமாக ஸ்கிசோஃப்ரினியா. பக்கத்து வீட்டுக்காரரைக் கம்பியால் அடித்த வழக்கில் ஜெயிலில் இருக்கிறார். கோர்ட் அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது. வந்த ரிப்போர்ட்டில் "மனச்சிதைவு நோய் உள்ளது, விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி உள்ளது" என்று இருக்கிறது. நோய் இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டு, தகுதி இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? இனிமேல் நோயைக் கோர்ட் கணக்கில் எடுக்காதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அந்த இரண்டு வரிக்குள் முரண்பாடு இல்லை. ஆனால் ரிப்போர்ட் முழுவதுமே அந்த இரண்டு வரிதான் என்றால், அது குறையுள்ள ரிப்போர்ட். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த காலத்தில் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகள் நிறைய எழுதியிருக்கிறேன், கூண்டில் ஏறி அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் கோர்ட் மருத்துவரிடம் என்ன கேட்டது என்று பார்க்க வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 328, 329 பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367, 368 ஆகியிருக்கின்றன. எண் மாறினாலும் கேள்வி மாறவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சித்த சுவாதீனம் இல்லாதவரா, அதனால் தன் தரப்பை எடுத்துச் சொல்ல முடியாதவராக இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இதில் உயிர்நாடியான சொல் "அதனால்". நோய் இருந்தால் மட்டும் போதாது. அந்த நோயின் காரணமாக, இந்த வழக்கில், இப்போது, தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாமல் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ள ஒருவரால் வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டால், சர்க்கரை அளவை மட்டும் சொன்னால் பதில் ஆகாது. கண் தெரிகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதே மாதிரிதான் இதுவும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானிப்பதால் மட்டும் அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், தகுந்த நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் ஆவார். இது நோயாளிகளின் உரிமையைக் காக்க வந்த வரி. நோயின் பெயரை வைத்தே ஒருவருடைய சொல்லைச் செல்லாததாக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. உங்கள் அண்ணன் விஷயத்தில் அது வேறு மாதிரி வந்து நிற்பதாக உங்களுக்குத் தோன்றும், புரிகிறது. மேலே படியுங்கள்.

தற்காத்துக்கொள்வது என்றால் என்னென்ன என்று நம் சட்டம் பட்டியல் போடவில்லை. மருத்துவர்கள் பெரும்பாலும் சாய்ந்துகொள்வது 1836-இல் இங்கிலாந்தில் பிரிட்சர்ட் என்பவர் மீதான வழக்கில் நீதிபதி ஆல்டர்சன் ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கத்தின் மீது. பிரிட்சர்ட் காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா, நடப்பதைப் பின்தொடரும் அறிவு இருக்கிறதா, சாட்சியத்தின் விவரம் புரியுமா, தன் தரப்பை முறையாகச் சொல்ல முடியுமா என்று ஆல்டர்சன் பிரித்துக் கேட்டார். ஜூரிகளை ஆட்சேபிக்க முடியுமா என்பதும் அதில் உண்டு. நமக்கு ஜூரி கிடையாது என்பதால் அது மட்டும் பொருந்தாது. மற்றவை இன்றைக்கும் அப்படியே பயன்படுகின்றன.

இதை நான் நடைமுறையில் மூன்று கட்டங்களாகப் பார்ப்பேன். கோர்ட்டில் ஒரு மனிதர் தானே வாய் திறந்தாக வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. குற்றச்சாட்டை வாசித்து "ஒப்புக்கொள்கிறாயா" என்று கேட்கும்போது ஒன்று. அரசுத் தரப்புச் சாட்சியெல்லாம் முடிந்தபின் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும்போது இன்னொன்று. முன்பு அதை 313 கேள்வி என்பார்கள், இப்போது பிரிவு 351. இந்த இரண்டுக்கும் நடுவில், மாதக்கணக்கில் ஓடும் விசாரணை முழுவதும், தன் வக்கீலிடம் பேச முடிய வேண்டும். "அந்தச் சாட்சி பொய் சொல்கிறார், அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை" என்று வக்கீல் காதில் சொல்ல முடிய வேண்டும். என் அனுபவத்தில் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான். அரைகுறை ரிப்போர்ட்டுகள் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதைத்தான்.

எப்படி என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஒரே ஆளைப் பற்றிச் சொன்னால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், சிலருடைய விவரங்களைக் கலந்து ஒருவராக்கிச் சொல்கிறேன்.

முப்பத்தாறு வயது, தையல்காரர். பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாகத் தன் உடம்புக்குள் கரண்ட் அனுப்புகிறார்கள் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு அந்த வீட்டுக்காரரைத் தாக்கினார், எலும்பு முறிந்தது. ஐந்து மாதம் ஜெயிலில் இருந்த பிறகு, வாய்தாவுக்கு வந்த இடத்தில் யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பேசுவதை மேஜிஸ்திரேட்டே கவனித்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

வார்டில் சேர்த்து மூன்று வாரம் பார்த்தோம். மூன்றாம் நாள் நான் கேட்டேன்: "கோர்ட்டில் யார் யார் இருப்பாங்க?" சளைக்காமல் சொன்னார். நீதிபதி தீர்ப்புச் சொல்வார், அரசு வக்கீல் எனக்கு எதிராகப் பேசுவார், என் வக்கீல் எனக்காகப் பேசுவார், சாட்சிகள் வருவார்கள். என்ன வழக்கு என்றும் சரியாகச் சொன்னார், நிரூபணமானால் பல வருஷம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் தன் குறிப்பில் "தகுதி உண்டு" என்று எழுதிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் வந்துவிட்டதே!

அடுத்த நாள் இன்னொரு கேள்வி கேட்டேன். "உங்க வக்கீல்கிட்ட அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொன்னீங்களா?" இல்லை என்றார். ஏன்? "அந்த வக்கீலை வச்சதே பக்கத்து வீட்டுக்காரர்தான். சட்ட உதவின்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவர் சட்டைப் பேனா வழியா நான் பேசறது அங்க போகுது." சரி, நீதிபதியிடமாவது சொல்லலாமே? "அவருக்கு நான் நினைக்கிறதெல்லாம் முன்னாடியே பதிவாகியிருக்கு. நான் வாயைத் திறக்கவே வேண்டாம்."

இந்த இடத்தில்தான் "அதனால்" என்ற சொல் நிரம்புகிறது. கோர்ட் என்றால் என்ன என்ற தகவல் அவரிடம் இருந்தது. அந்தத் தகவலைத் தன் வழக்கில் பயன்படுத்த விடாமல் நோய் குறுக்கே நின்றது. வக்கீல் எதிரியின் ஆள் என்ற நம்பிக்கை இருக்கும் வரை அவரால் வக்கீலிடம் பேச முடியாது. எண்ணமெல்லாம் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கை இருக்கும் வரை நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். ஆகவே தகுதி இல்லை. ரிப்போர்ட்டில் இந்த இரண்டு நம்பிக்கையையும், அவை எந்தக் காரியத்தை எப்படித் தடுக்கின்றன என்பதையும், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினோம். மருந்துக்குக் கட்டுப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம், எட்டாவது வாரம் மறுபடி பரிசோதிப்போம் என்றும் எழுதினோம். கால அளவைச் சொல்வது உபசாரத்துக்காக இல்லை. முகாந்திரம் உள்ள வழக்கில் விசாரணையை எவ்வளவு காலம் தள்ளிவைப்பது என்று தீர்மானிக்க, சிகிச்சைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்ற மருத்துவரின் கருத்தைத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

எட்டு வாரம் ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தோம். அப்போது குணமாகிவிட்டாரா என்று கேட்டால், இல்லை. சில ராத்திரிகளில் இன்னும் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ செய்தார் என்ற சந்தேகமும் முழுசாகப் போகவில்லை, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் சார்" என்றார். ஆனால் வக்கீல் வார்டுக்கு வந்தபோது நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பேசினார். அன்று இரவு நடந்ததை வரிசையாகச் சொன்னார். எந்தச் சாட்சி அங்கே இருந்தார், யார் பிறகு வந்தார் என்று பிரித்துச் சொன்னார். கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்டார். வக்கீலைப் பற்றிய பழைய நம்பிக்கையைக் கேட்டபோது, "அப்போ அப்படித் தோணிச்சு" என்றார். இப்போது நாங்கள் எழுதியது: நோய் உள்ளது, எஞ்சிய அறிகுறிகள் உள்ளன, அவை வக்கீலுக்குத் தகவல் சொல்வதையும் விசாரணையைப் பின்தொடர்வதையும் தற்போது தடுக்கவில்லை, விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி உள்ளது.

உங்கள் கையில் இருக்கும் அந்த இரண்டு வரியும் இப்படிப்பட்ட ஒரு நிலையின் சுருக்கமாக இருக்கலாம். அல்லது யாரோ பத்து நிமிஷம் பார்த்து, கோர்ட்டில் யார் யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டு எழுதியதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முழு ரிப்போர்ட்டின் நகலை வக்கீல் மூலம் வாங்குங்கள். எத்தனை முறை, எந்தெந்தத் தேதியில் பார்த்தார்கள், வார்டில் வைத்துப் பார்த்தார்களா, புறநோயாளி அறையில் போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கப் பார்த்தார்களா என்று அதில் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகையும் ஜெயில் மருத்துவக் குறிப்பும் மருத்துவர் கைக்கு வந்தனவா என்று இருக்க வேண்டும். உங்களிடம், அதாவது குடும்பத்தாரிடம், விசாரித்தார்களா என்றும் இருக்க வேண்டும். உங்களிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை என்றால், பன்னிரண்டு வருஷ நோயின் கதையை யாரிடமிருந்து வாங்கினார்கள்? கடைசியாக, வக்கீலோடு அவரால் ஒத்துழைக்க முடிகிறதா என்று தனியாக ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பத்தி இல்லை என்றால் அந்த ரிப்போர்ட் முக்கியமான கேள்வியைத் தொடவே இல்லை.

நானும் ஆரம்பக் காலத்தில் ஒற்றை வரி சர்டிஃபிகேட் எழுதியவன்தான். அப்படி ஒன்றுக்காகச் சம்மன் வந்து போனேன். "தகுதி என்று எழுதியிருக்கிறீர்கள், எதற்குத் தகுதி?" என்று நீதிபதி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினால், தூக்கம் சரி, சாப்பாடு சரி என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். என் மௌனத்தின் விலையை அந்தக் கூண்டில் நின்றிருந்த ஆள்தான் கொடுத்திருப்பார். வாய்தா தள்ளிவைத்து, மறுபடி பரிசோதிக்கச் சொன்னார்கள். அந்தப் பரிசோதனையில் அவருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு காரணம் எழுதாமல் முடிவு எழுதியதில்லை.

மருத்துவர்கள் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடிக்கிறாரோ என்ற பயம். அது நியாயமான பயம்தான், நடிப்பவர்களும் வருகிறார்கள். ஆனால் நடிப்பவரை வார்டில் கண்டுபிடித்துவிடலாம். நடிப்பவர் மருத்துவர் வரும்போது மட்டும் தனக்குள் பேசுவார், ராத்திரி ஷிஃப்ட் நர்ஸின் குறிப்பில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். குரல் இடைவிடாமல் கேட்கிறது என்பார். உண்மையில் கேட்பவருக்குப் பெரும்பாலும் கூடும், குறையும், அதைச் சமாளிக்க அவர் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார், பாட்டுப் போடுவது, காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. கைக்கு எத்தனை விரல் என்றால் ஆறு என்று சொல்பவரைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும், ஸ்கிசோஃப்ரினியா அப்படி விரல் எண்ணிக்கையைக் கெடுப்பதில்லை. இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நோயை மறைப்பவர்கள் உண்டு. "ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கேன்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். எதிலும் ஆர்வம் இல்லாமல், முகத்தில் உணர்ச்சி இல்லாமல், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரும் நோயின் பிடியில்தான் இருக்கிறார், ஆனால் பார்ப்பவருக்கு "அமைதியான, ஒத்துழைக்கும் நபர்" என்று தெரிவார். உங்கள் அண்ணன் இந்த வகையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதில்தான் குடும்பங்கள் அதிகமாகக் குழம்பிப் போகின்றன, சில வக்கீல்களும்தான். விசாரணைக்குத் தகுதி என்பது இன்றைய மனநிலையைப் பற்றியது. சம்பவம் நடந்த அந்த ராத்திரி அவர் மனம் எப்படி இருந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 22. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில், சித்த சுவாதீனம் இல்லாததால் ஒருவர் ஒன்றைச் செய்தால் அது குற்றம் ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. இன்று தகுதி இருக்கிறது என்ற ரிப்போர்ட் அந்தக் கதவை மூடாது. சொல்லப்போனால் அந்தக் கதவுக்குள் போவதற்கு வழியே விசாரணைதான். விசாரணை நடந்தால்தான் உங்கள் வக்கீல் பழைய மருந்துச் சீட்டுகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்த முடியும்.

நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தரப்பில்தான் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரசுத் தரப்பு போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குஜராத்திலிருந்து போன தஹ்யாபாய் தக்கர் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இதற்குச் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களின் ஆவணம்தான் பெரிய பலம். அந்த மாதத்தில் மருந்து நின்றுபோயிருந்ததா, எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தேதியில் கடைசியாகக் காட்டினீர்கள், கைது ஆனதும் ஜெயில் மருத்துவர் முதல் நாள் என்ன எழுதினார், இதெல்லாம் இப்போதே திரட்டுங்கள். வருஷம் போனால் கேஸ் ஷீட் கிடைக்காது.

தகுதி ரிப்போர்ட்டில் சம்பவத்தைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். "அடித்தேன் என்று ஒப்புக்கொண்டார்" என்ற மாதிரி வரி இருந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். அந்த ரிப்போர்ட்டின் வேலை அவரால் சம்பவத்தைச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதுதான். அவர் சொன்னதை வாக்குமூலமாக்கிக் கொடுப்பது அதன் வேலை இல்லை. நான் எழுதும்போது "சம்பவ நாளைப் பற்றிக் கோர்வையாகச் சொல்ல முடிகிறது" என்பதோடு நிறுத்திவிடுவேன்.

"தகுதி இல்லை" என்று வந்தால் அண்ணன் வெளியே வந்துவிடுவார் என்று ஒருவேளை நினைத்திருக்கலாம். அது விடுதலை இல்லை, விசாரணை நின்றுபோவது மட்டும்தான். கோர்ட் பார்த்து முகாந்திரமே இல்லை என்று கண்டால் விடுவிக்கும். முகாந்திரம் இருந்தால் தள்ளிவைக்கும், தேறியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் என்ன ஆகும் என்பதைப் பிரிவு 369 சொல்கிறது. உள்நோயாளியாக வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும் என்ற நிலை இல்லாமல், உறவினரோ நண்பரோ ஒழுங்காக வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதாகவும், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் பொறுப்பேற்றால் ஜாமீனில் விட வேண்டும், ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும்கூட. இல்லையென்றால் மனநலச் சிகிச்சை தரக்கூடிய இடத்தில் வைப்பார்கள். அங்கே ஒருவரை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அஸ்ஸாமின் மசாங் லாலுங் சாட்சி. 1951-இல் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்குப் போனவர் 2005-இல்தான் வெளியே வந்தார், விசாரணையே நடக்காமல் 54 வருஷம். 1967-லேயே அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை எழுதியிருந்தது. அவரைத் தேடி யாரும் வாய்தாவுக்குப் போகவில்லை. அதனால்தான் "தகுதி இல்லை" என்ற முடிவுக்காகப் போராடும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, அடுத்த மறுபரிசோதனைத் தேதி என்ன என்று. தேதி இல்லாத "தகுதி இல்லை" எனக்குப் பயமாக இருக்கும்.

சரி, செய்ய வேண்டியதுக்கு வருவோம். ரிப்போர்ட் தவறு என்று உண்மையாகவே உங்களுக்குத் தோன்றினால், அதாவது அண்ணன் வக்கீலிடம் பேசவே மறுக்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால், வழி இருக்கிறது. மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ தந்த கருத்தை ஏற்காத குற்றம் சாட்டப்பட்டவர் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். அதோடு, மருத்துவரைச் சாட்சியாக விசாரிக்கும்படி கேளுங்கள். மருத்துவரின் காகிதம் தீர்ப்பு இல்லை, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதி. வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி மிக எளிமையானது: "இவர் தன் வக்கீலிடம் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா?" வக்கீலே தன் சந்திப்புகளைத் தேதியோடு குறித்து வைத்திருந்தால், என்றைக்குப் போனேன், எத்தனை நிமிஷம் பேசினார், என்ன சொன்னார் என்று, அதற்கு மிஞ்சிய ஆதாரம் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

மாறாக, ரிப்போர்ட் சொல்வது சரிதான், அண்ணன் இப்போது ஓரளவு தெளிவாகத்தான் இருக்கிறார் என்றால், அதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். அந்தத் தெளிவைக் கட்டிக்காப்பதில் கவனம் வையுங்கள். தகுதி என்பது பரிசோதித்த தேதிக்கு மட்டும் பொருந்தும். நான் சொன்ன தையல்காரர் தகுதி ரிப்போர்ட்டோடு ஜெயிலுக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு எழுதிக்கொடுத்த மருந்து இருப்பில் இல்லை. தூங்குவதற்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆறாவது வாரம் வாய்தாவுக்கு வந்தபோது மறுபடி யாருமில்லாத பக்கம் பார்த்துப் பேசினார். ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதியது ஒரு எழுத்தும் பொய் இல்லை, ஆனால் அன்றைக்கு அது செல்லாத காகிதம். திரும்ப வார்டு, திரும்ப எட்டு வாரம். இரண்டாவது முறை மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றி, ஊசி போட வேண்டிய தேதிகளையும், விசாரணை முடியும் வரை நிறுத்தக் கூடாது என்பதையும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, ஜெயில் மருத்துவருக்கும் நகல் போட்டோம். விசாரணை நடந்தது.

உங்கள் அண்ணனுக்கும் இதையே கேளுங்கள். மருந்து தடைபடாமல் கொடுக்க ஜெயில் கண்காணிப்பாளருக்கு உத்தரவிடும்படி வக்கீல் மனுப் போடலாம். அண்ணனை ஜெயிலில் பார்க்கப் போகும்போதெல்லாம் என்ன மாத்திரை, எத்தனை வேளை கொடுக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்தா அன்று காலை அதிக மயக்கம் தரும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் உடம்பு கோர்ட்டில் இருக்கும், மனம் இருக்காது. அந்த வேளையை ராத்திரிக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மணிக்கணக்கில் நின்றால் கவனம் சிதறும் என்பதால் உட்கார அனுமதியும், கேள்விகளைச் சின்னச் சின்னதாகக் கேட்கும்படியும் நீதிபதியிடம் கேட்கலாம். கேட்டு மறுத்த நீதிபதியை நான் பார்த்ததில்லை. அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் வக்கீலை ஜெயிலுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அன்று அவர் வக்கீலிடம் பேசவில்லை என்றால், கையில் எந்தத் தேதி ரிப்போர்ட் இருந்தாலும், மறுநாள் காலை முதல் வேலையாக மறுபரிசோதனைக்கு மனுப் போடச் சொல்லுங்கள்.